முந்நூறு நோட்டுகள், ஒரு ஓவியர்: பிராண்டின் முகம் கலையாமல் ஒரு சிறப்புப் பதிப்பு

முதல் மாதிரி வந்த அன்று எல்லாருக்கும் அது பிடித்திருந்தது. சுவர் வெடிப்பில் முளைக்கும் செடிகளை வரைகிற ஓர் ஓவியர், நோட்டுப் புத்தகத்தின் அட்டை முழுவதையும் தன் கோடுகளால் நிறைத்திருந்தார். தையல் நூலைக்கூட அவருடைய பச்சைக்கு மாற்றியிருந்தோம். பார்சல் கட்டும் பிரிவில் இருப்பவர் அதை எடுத்துப் புரட்டிவிட்டு, "நல்லா இருக்கே, இது எந்தக் கம்பெனியோடது?" என்று கேட்டார். அவர் அதே நிறுவனத்தில் மூன்று வருடமாக வேலை பார்ப்பவர்.

அந்த மாதிரியை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி தொடங்கினோம். தனியாகத் தொழில் செய்யும் ஒரு ஓவியரோடு சேர்ந்து குறைந்த எண்ணிக்கையில் ஒரு சிறப்புப் பதிப்பு கொண்டுவர நினைப்பவர்களுக்கு, இரண்டாவது முறை நாங்கள் செய்த விதத்தை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். பொருள் நோட்டுப் புத்தகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சோப்பு உறையோ பையோ கோப்பையோ எதுவானாலும் வேலையின் வரிசை பெரிதாக மாறாது.

எதைத் தொடக்கூடாது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

ஓவியரைத் தேடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. உங்கள் பொருளை எடுத்து, பெயரும் சின்னமும் தெரியாதபடி ஒரு காகிதத்தால் மறைத்துவிடுங்கள். பக்கத்தில் வேறு நிறுவனங்களின் அதே மாதிரிப் பொருள்கள் மூன்று நான்கை, அவற்றின் பெயரையும் மறைத்து வையுங்கள். பழைய வாடிக்கையாளர்கள் பத்துப் பன்னிரண்டு பேரிடம் எது உங்களுடையது என்று கேளுங்கள். சரியாகச் சொன்னவரிடம் "எதை வைத்துச் சொன்னீர்கள்?" என்று உடனே கேட்டுவிட வேண்டும். யோசிக்க நேரம் கொடுத்தால் உங்களைச் சந்தோஷப்படுத்த ஏதாவது சொல்வார்கள்.

நாங்கள் பன்னிரண்டு பேரிடம் கேட்டோம். ஒன்பது பேர் முதுகில் வெளியே தெரிகிற ஆரஞ்சு நூல் தையலைச் சொன்னார்கள். ஏழு பேர் சாம்பல் நிறத் துணி அட்டையையும் சேர்த்துச் சொன்னார்கள். மூலை வட்டமாக வெட்டப்பட்டிருப்பதை இரண்டு பேர் சொன்னார்கள். உரிமையாளர் மிகவும் பெருமையாக நினைத்திருந்த, அட்டையில் அழுத்திப் பதித்த சின்னம் மறைந்திருப்பதை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவருக்கு வருத்தம்தான். ஆனால் அந்த ஒரு மதிய நேரத்தில் எங்களுக்குத் தேவையான விடை கிடைத்துவிட்டது. நூலும் துணியும் அளவும் வட்ட மூலையும் மாறாது, மற்றதெல்லாம் மாறலாம். சின்னத்தைப் பின்னட்டைக்குக்கூடத் தள்ளலாம்.

பிராண்ட் நீர்த்துப்போவது என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அடையாளமாக இருப்பது எது என்று தெரியாமல், அதையே புதுமைக்காக மாற்றிவிடுகிறோம். பெரிய நிறுவனங்களில் இதைச் சரியாகச் செய்தவர்களைக் கவனித்தால் இது தெளிவாகத் தெரியும். அப்சலூட் வோட்கா 1980களில் அமெரிக்க ஓவியர்களான ஆண்டி வார்ஹோலையும் அடுத்து கீத் ஹேரிங்கையும் தன் விளம்பரத்துக்காக வரைய வைத்தபோது, பாட்டிலின் வடிவம் மட்டும் படத்தில் இருந்தாக வேண்டும். நிறம், கோடு, மனநிலை எல்லாம் ஓவியருடையவை. பாட்டிலின் நிழலைப் பார்த்தாலே எந்த நிறுவனம் என்று தெரியும் என்பதால், எத்தனை ஓவியர்கள் வந்தாலும் அது கலையவில்லை.

கைப்பைகளுக்குப் பெயர்போன லூயி விட்டோன் 2003-இல் ஜப்பானிய ஓவியர் தகாஷி முரகாமியோடு செய்ததும் கிட்டத்தட்ட இதே வழிதான். பழுப்பு நிறப் பின்னணியில் இருந்த எழுத்தும் பூவும் கலந்த அந்தப் பழைய வடிவங்களை அவர்கள் விடவில்லை. நிறத்தைத்தான் திறந்துவிட்டார்கள். வெள்ளைப் பின்னணியிலும் கறுப்புப் பின்னணியிலும் 33 நிறங்கள் வந்தன. வடிவம் அங்கே பூட்டு, நிறம் சாவி. உங்கள் பொருளில் பூட்டு எது என்பதை மேலே சொன்ன சோதனை சொல்லிவிடும். ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதிக்கொள்ளுங்கள்: இந்தப் பக்கம் மாறாதவை, அந்தப் பக்கம் மாறலாம். மாறாதவை நான்குக்கு மேல் போனால் ஓவியருக்கு வேலை செய்ய இடமே இருக்காது. வெறும் அலங்காரப் பட்டை ஒட்டியதுபோல ஆகிவிடும்.

ஓவியரைத் தேடுவது

பின்தொடர்பவர்கள் எத்தனை பேர் என்பதை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். ஒருவருடைய பத்துப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், பெயர் இல்லாமலே ஒரே கை என்று தெரிய வேண்டும். உங்கள் பொருளைப் போலவே அவருக்கும் ஒரு முகம் இருக்க வேண்டும். ஒவ்வொரு படமும் ஒவ்வொரு பாணியில் இருந்தால் அவர் திறமைசாலியாக இருக்கலாம், ஆனால் இந்த வேலைக்கு அவர் வேண்டாம். இரண்டு முகம் சேர்ந்தால்தான் இது கூட்டு. ஒரு முகம் மட்டும் இருந்தால் அது வழக்கமான வடிவமைப்பு வேலை.

அடுத்து, அவருடைய கோடு உங்கள் பொருளின் அச்சு முறையில் உயிரோடு தப்புமா என்று பாருங்கள். துணி மேல் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தால் மயிரிழைக் கோடுகள் உடைந்துபோகும் அல்லது பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். நீர்வண்ணத்தில் மெல்ல மெல்லக் கரைகிற நிறம் அதில் வராது. அப்படி வரைகிறவரை உறையிலோ அட்டைப் பெட்டியிலோ ஆஃப்செட் அச்சில் பயன்படுத்தலாமே தவிர, துணியில் கஷ்டம். இன்னொன்று: கடந்த ஒரு வருடத்தில் உங்கள் மாதிரிப் பொருளுக்கு வேறு யாருக்காவது வரைந்திருக்கிறாரா என்றும் பார்த்துவிடுங்கள். வரைந்திருந்தால் வாங்குகிறவர் மனதில் அந்தப் பெயரோடுதான் அவர் ஒட்டியிருப்பார்.

முதல் மின்னஞ்சலிலேயே எல்லாவற்றையும் எழுதுங்கள். என்ன பொருள், எத்தனை பிரதி, படம் எங்கெங்கே வரும், எவ்வளவு பணம், எப்போது கைக்கு வரும், எந்தத் தேதிக்குள் வேண்டும். "உங்களோடு ஒரு சுவாரசியமான விஷயம் பேசணும்" என்று மட்டும் எழுதினால் நல்ல ஓவியர்கள் பதிலே போட மாட்டார்கள், அவர்களுக்கு அதுபோல வாரம் நான்கு வருகிறது. பணம் இல்லை, ஆனால் நாலு பேருக்கு உங்கள் பெயர் தெரியும் என்று சொல்வதும், இலவசமாக ஒரு மாதிரி வரைந்து காட்டச் சொல்வதும் வேண்டாம். மாதிரி வேண்டுமென்றால் மாதிரிக்கும் காசு கொடுங்கள்.

ஒப்பந்தம்: படத்தை வாங்குகிறீர்களா, வாடகைக்கு எடுக்கிறீர்களா?

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுகிற இடம் இது என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பணம் கொடுத்தாயிற்று, படம் நம்முடையது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பல நாடுகளில் அப்படி ஆகாது. எழுத்தில் வேறு மாதிரி இல்லாதவரை, தனியாகத் தொழில் செய்யும் ஓவியர் வரைந்ததன் பதிப்புரிமை அங்கெல்லாம் அவரிடமே இருக்கும். இந்தியாவில் காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பதிப்புரிமை வரையச் சொன்னவருக்கே போகும், அதனால் அது ஓவியரிடமே இருக்கும் என்பதை எழுத்தில் வைத்துவிடுங்கள். அப்போது உங்களுக்குக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி. சிறப்புப் பதிப்புக்கு அந்த அனுமதியே போதும், அதுதான் நல்லதும்கூட. உரிமை முழுவதையும் எழுதி வாங்க நினைத்தால் விலை பல மடங்கு ஏறும். ஒரே ஒரு பதிப்புக்கு அவ்வளவு எதற்கு?

எனவே அனுமதியின் எல்லையை எழுதுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் இருந்தது இவ்வளவுதான்: இந்த ஒரு நோட்டு, 300 எண்ணிட்ட பிரதிகள், விற்பனை தொடங்கி ஒரு வருடம், அட்டை, உள்ளட்டைத் தாள், மேலுறை, இந்த நோட்டை அறிமுகப்படுத்தும் படங்கள் ஆகிய நான்கு இடங்கள். அந்த ஒரு வருடத்துக்கு அவர் வேறு நோட்டு நிறுவனத்துக்கு வரையமாட்டார். ஆனால் அதே படத்தைச் சட்டமிட்டு விற்கவும், தன் வேலைகளின் தொகுப்பில் காட்டவும் அவருக்கு உரிமை உண்டு. பாதியில் நாங்கள் கைவிட்டால் அதுவரை முடிந்த வேலைக்கு எவ்வளவு என்பதும் இருந்தது. அந்த வரியைச் சேர்க்கச் சொன்னது ஓவியர்தான். சங்கடமாக இருந்தது, ஆனால் சரியான கேள்வி.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பதிப்புரிமை வேறு, ஓவியரின் தார்மீக உரிமை வேறு. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் 1928-இல் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவு, படைப்பில் தன் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்கவும், தன் நற்பெயருக்குக் கெடுதல் வரும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கவும் படைப்பாளிக்கு உரிமை தருகிறது. உரிமையை விற்றுவிட்ட பிறகும் இது அவரிடம் இருக்கும். நாடுகள் இதை நடைமுறைப்படுத்தும் அளவு மாறும், அதனால் உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். நடைமுறையில் இதன் பொருள் எளிது. படத்தை வெட்டுவது, நிறம் மாற்றுவது, மேலே எழுத்துப் போடுவது எல்லாம் அவரிடம் கேட்டுத்தான்.

பணத்தைப் பொறுத்தவரை, ஒரு முன்பணமும் விற்பனையில் ஒரு பங்கும் என்பது இரண்டு பக்கமும் நியாயமாக இருக்கும். எங்கள் கணக்கை எண்ணாகச் சொல்கிறேன். வழக்கமான நோட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்ய 35 ஆகும், மீதம் 65. சிறப்புப் பதிப்பின் விலை 140. இரண்டு நிற அச்சும் குறைந்த எண்ணிக்கையும் சேர்ந்து செய்யும் செலவு 48 ஆகிவிடுகிறது. மேலுறை, படமெடுப்பு போன்றவை பிரதிக்கு 12. ஓவியருக்கு விலையில் 10 சதவீதம், அதாவது 14. மீதம் 66.

பார்த்தீர்களா, விலை 40 கூட, லாபம் ஒன்றே ஒன்று கூட. இந்தக் கணக்கைப் போடாமல் இறங்கியவர்கள்தான் பாதியில் ஓவியரின் பங்கையோ துணியின் தரத்தையோ குறைக்கப் பார்ப்பார்கள். கடைகள் வழியாக விற்று அவர்களுக்கு 40 சதவீதம் கொடுத்தால் 56 போய்விடும், கையில் 10 மட்டும் நிற்கும். அதனால் முந்நூறையும் நேரடியாகவே விற்பது என்று முடிவு செய்தோம்.

முன்பணம் 3000 கொடுத்தோம். பிரதிக்கு 14 வீதம், 214 பிரதி வரை அந்த முன்பணத்திலேயே கழிந்துவிடும். 215-ஆவதிலிருந்து அவருக்கு மேலும் பணம் சேரும். முந்நூறும் விற்றால் மொத்தம் 4200, எனவே பாக்கி 1200. ஒன்றுமே விற்காவிட்டாலும் 3000-ஐத் திருப்பிக் கேட்கக் கூடாது. இதையும் எழுதிவிடுங்கள்.

என்ன வரைவது என்று சொல்லாதீர்கள்

ஓவியருக்குக் கொடுக்கும் குறிப்பு ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். மாறாதவை எவை, அட்டையின் துல்லிய அளவு, அச்சு முறை, எத்தனை நிறம், தேதிகள். பொருளின் உண்மையான பிரதிகள் இரண்டு மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள், திரையில் பார்ப்பதும் கையில் பிடிப்பதும் ஒன்றாகாது. என்ன வரைய வேண்டும் என்பது மட்டும் அதில் இருக்க வேண்டாம்.

இரண்டாவது முறை நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஆரஞ்சு நூலும் சாம்பல் துணியும் மாறாது என்று எழுதி, நோட்டையும் அனுப்பிவைத்தோம். ஒரு வாரத்தில் மூன்று சின்னச் சின்னப் பென்சில் கோட்டுப் படங்கள் வந்தன. மூன்றாவதைப் பார்த்ததும் யாரும் பேசவில்லை. சாம்பல் துணியை அவர் சுவராக எடுத்துக்கொண்டிருந்தார். முதுகில் ஓடுகிற ஆரஞ்சுத் தையல்தான் சுவரின் வெடிப்பு. அதிலிருந்து செடிகள் இரண்டு பக்கமும் முளைத்து அட்டைக்குப் படர்ந்தன. முதல் மாதிரியில் நாங்கள் அவருக்கு வழிவிட வேண்டுமென்று எடுத்துப்போட்ட இரண்டும் இங்கே படத்தின் மையமாகியிருந்தன. எல்லா நேரத்திலும் இப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாறாதவற்றைத் தடை மாதிரிச் சொல்லாமல் பொருளாகவே கையில் கொடுத்தால், நல்ல ஓவியர் அதிலிருந்துதான் தொடங்குவார்.

திருத்தம் இரண்டு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒருவர் பேசட்டும். ஐந்து பேர் ஐந்து மின்னஞ்சல் போட்டு, ஒருவர் இலையைக் குறைக்கச் சொல்லி, இன்னொருவர் பூ கேட்டால், கடைசியில் யாருக்கும் தொந்தரவு தராத ஒரு படம் வரும். அதை வாங்கவும் யாரும் வரமாட்டார்கள். எனக்குப் பிடிக்கவில்லை என்பதும் பொருளுக்குப் பொருந்தவில்லை என்பதும் வேறு வேறு. முதலாவதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சில் எங்கே தவறும்

திரையில் பார்க்கும் பச்சை ஒளியால் ஆனது. துணியில் வருவது மை. மையில் பெரும்பாலானவை ஓரளவு ஊடுருவித் தெரியும் என்பதால், சாம்பல் துணி மேல் அடித்த இளம்பச்சை எங்களுக்கு ஈரமண் நிறத்தில் வந்தது. இதற்கு வழக்கமான தீர்வு, அடியில் ஒரு வெள்ளைப் படலம் அடித்து அதன்மேல் நிறத்தை அடிப்பது. ஆனால் அது இன்னொரு ஸ்கிரீன், இன்னொரு செலவு, அதோடு வெள்ளையும் பச்சையும் சரியாக ஒன்றன்மேல் ஒன்று உட்காராவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கோடு எட்டிப்பார்க்கும். ஓவியரிடமே கேட்டோம். இளம்பச்சையை விட்டுவிட்டு, அடர்பச்சைக் கோடும், அடர்த்தியான மையில் வெளிர் மஞ்சளும் என்று இரண்டு நிறத்துக்கு மாற்றிவிட்டார். படம் முன்னைவிட நன்றாகவே ஆயிற்று.

அதனால் நிறத்தை எப்போதும் அச்சிட்ட நிற மாதிரிப் புத்தகத்தில் தேர்ந்தெடுங்கள். அதிலும் வழுவழுப்புத் தாளுக்கும் சாதாரணத் தாளுக்கும் தனித்தனி மாதிரி இருக்கும். துணிக்குச் சாதாரணத் தாள் மாதிரிதான் கிட்டத்தட்ட ஒத்துவரும். அப்புறம், எந்த மாதிரியையும் நம்பி முழு எண்ணிக்கையை அடித்துவிடாதீர்கள். அதே துணியில், அதே மையில், அதே இயந்திரத்தில் ஒன்றிரண்டு அடித்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஓவியர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, அதன் பின்பக்கத்திலேயே கையெழுத்துப் போடட்டும். அந்தப் பிரதிதான் பிறகு அச்சகத்தோடு வரும் வாக்குவாதத்தில் உங்கள் சாட்சி.

எங்கள் படத்தில் இன்னொரு சிக்கல் இருந்தது. செடிகள் தையலிலிருந்து முளைக்க வேண்டும், ஆனால் தையல் ஒவ்வொரு நோட்டிலும் ஒரு மில்லிமீட்டரோ இரண்டோ தள்ளித்தான் விழும். முதல் சோதனையில் சில செடிகள் காற்றில் தொங்கின. வேர்களைத் தையல் கோட்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் நீட்டி வரைந்து கொடுத்தார், பிரச்சினை தீர்ந்தது. கையால் செய்யும் கட்டத்தில் எவ்வளவு நகரும் என்று முதலிலேயே அளந்து சொல்லியிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். 300 பிரதி வேண்டுமென்றால் 330-க்குத் துணி வெட்டுங்கள், அச்சிலும் தையலிலும் கழிவு வரும்.

எத்தனை, அதற்குமேல் ஏன் இல்லை

எண்ணிக்கையை ஆசையால் முடிவு செய்யாதீர்கள். கடந்த வருடத்தில் இரண்டு முறைக்கு மேல் வாங்கியவர்கள் எங்களுக்கு 1100 பேர் இருந்தார்கள். அவர்களில் நாலில் ஒருவர் வாங்கினால் 275. ஓவியரின் ஆட்கள் கொஞ்சம் வருவார்கள். 300 என்று வைத்தோம். இந்த நாலில் ஒன்று என்பது எங்கள் துணிச்சலின் அளவு, விதி கிடையாது. முதல் முறை என்றால் குறைவாகவே போங்கள். தீர்ந்துபோனால் சின்ன வருத்தம், பாதி தங்கிவிட்டால் தள்ளுபடி போட வேண்டியிருக்கும், தள்ளுபடி போட்ட நாளில் உங்கள் சிறப்புப் பதிப்பு தேங்கிய சரக்காகிவிடும்.

குறைந்த எண்ணிக்கை என்பதற்கு அச்சுக்கலை ஓவியர்களிடம் ஒரு பழைய ஒழுங்கு இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் 12/300 என்பதுபோல எண் எழுதிக் கையெழுத்திடுவார்கள். ஓவியருக்கான சில படிகள் அந்த எண்ணுக்கு வெளியே தனியாகக் குறிக்கப்படும். எல்லாம் அடித்து முடிந்ததும் தகட்டில் குறுக்கே கோடு கீறி, இனி அதிலிருந்து அடிக்க முடியாதபடி செய்துவிடுவார்கள். நாங்களும் அதையே பின்பற்றினோம். 300 எண்ணிட்டவை, 10 ஓவியருக்கு, சேதமானால் மாற்றிக்கொடுக்க எண்ணில்லாத 12. அச்சு முடிந்த நாளிலேயே ஸ்கிரீன்களைக் கழுவிப் படத்தை அழித்துவிட்டோம். எத்தனை பிரதி, யாருக்கு எத்தனை என்பதை விற்பனைப் பக்கத்திலேயே எழுதினோம்.

இரண்டே நாளில் தீர்ந்துபோய், இன்னும் கேட்டு மின்னஞ்சல்கள் வந்தால் கை அரிக்கும். மறுபடி அடிக்காதீர்கள். முதலில் வாங்கிய 300 பேரிடம் நீங்கள் சொன்னது பொய்யாகிவிடும். அடுத்த முறை "குறைந்த பிரதிகளே" என்று எழுதினால் அவர்களே சிரிப்பார்கள். ஒருவருக்கு இரண்டு பிரதிக்கு மேல் இல்லை என்ற வரம்பையும் வையுங்கள், மொத்தமாக வாங்கி விலை ஏற்றி விற்பவர்கள் சின்ன நிறுவனங்களையும் விடுவதில்லை.

விற்கும்போது

இது சுருக்கம்தான். ஓவியரின் பெயர் முதல் வரியில் இருக்கட்டும், எங்கோ மூலையில் சின்ன எழுத்தில் வேண்டாம். இருவரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் அறிவியுங்கள். சிறப்புப் பதிப்பைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் வழக்கமான நோட்டையும் வைத்து எடுங்கள். புதிதாக வருகிறவருக்கு எந்த வீட்டிலிருந்து இது வந்தது என்று அந்த ஒரு படம் சொல்லிவிடும்.

புதுப்பித்ததா, நீர்த்துப்போனதா என்று எப்படித் தெரியும்?

எல்லாம் விற்றுத் தீர்ந்தது என்பது விடையாகாது. முந்நூறு பிரதியை நண்பர்களும் சேகரிப்பாளர்களும் வாங்கித் தீர்த்துவிட முடியும். நான் மூன்று விஷயம் பார்ப்பேன். வாங்கியவர்களில் எத்தனை பேர் புதியவர்கள்? அந்தப் புதியவர்களில் எத்தனை பேர் அடுத்த மூன்று மாதத்தில் வழக்கமான நோட்டை வாங்கினார்கள்? பழையவர்கள் வழக்கமான நோட்டை வாங்குவது குறைந்ததா? எங்களுக்கு 104 பேர் புதியவர்கள், அவர்களில் 29 பேர் சாதாரணச் சாம்பல் நோட்டுக்குத் திரும்பி வந்தார்கள். லாபக் கணக்கில் ஒன்றே ஒன்று கூட என்று சொன்னேனே, உண்மையான வரவு இந்த 29 பேர்தான். பழையவர்களின் வாங்குதலில் மாற்றம் இல்லை.

பெயரை மறைத்துக் காட்டும் சோதனையை ஆறு மாதம் கழித்து மறுபடி செய்தோம், சிறப்புப் பதிப்பையும் வரிசையில் வைத்து. பழைய வாடிக்கையாளர்கள் அதையும் நூலை வைத்தே கண்டுபிடித்தார்கள். ஒருவர் மட்டும் "போன வருஷம் வரைக்கும் இந்த நூல் இருக்கிறதையே கவனிச்சதில்ல" என்றார்.

எதிர் அறிகுறிகளும் உண்டு. "அடுத்த ஓவியர் யார்?" என்ற கேள்வி வழக்கமான பொருளைப் பற்றிய கேள்விகளைவிட அதிகமாக வந்தால் கவனியுங்கள். வழக்கமான பொருளின் விற்பனை, சிறப்புப் பதிப்பு வருவதற்கு முந்தைய மாதங்களில் சரிந்தால், ஆட்கள் காத்திருக்கப் பழகிவிட்டார்கள் என்று அர்த்தம். உங்கள் சொந்தப் பொருள் உங்கள் கண்ணுக்கே வெளிறித் தெரிந்தாலும் நிறுத்த வேண்டிய நேரம்தான். பிரிட்டிஷ் ஆடை நிறுவனமான பர்பெரியின் கட்டம் போட்ட துணி 2000களின் தொடக்கத்தில் எங்கு பார்த்தாலும் தெரிந்து, போலிகளும் குவிந்து, கடைசியில் நிறுவனமே அந்தக் கட்டத்தை வெளியே காட்டுவதைக் குறைக்க வேண்டியதாயிற்று. முரகாமியின் பலநிறப் பைகளும் 2015 வரை விற்பனையில் இருந்தன. அவ்வளவு பெரிய நிறுவனம் அதைத் தாங்கும். நம் அளவில் ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் குறைந்தது ஒரு வருடம் இடைவெளி விடுவதே நல்லது. அடுத்த ஓவியர் முந்தையவரைப் போல வரைபவராக இருக்கவும் கூடாது.

எண்ணில்லாத அந்தப் பன்னிரண்டில் நான்கைச் சேதமான பார்சல்களுக்கு மாற்றாக அனுப்பினோம். ஒரு வருடம் முடிந்ததும் மீதி எட்டை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. விற்கலாம் என்று ஒருவர் சொன்னார். அனுமதி அந்த 300-க்கு மட்டும்தான் என்பதை ஒப்பந்தத்தில் எடுத்துக் காட்டினேன். ஒன்றை மாதிரி அலமாரியில் வைத்துவிட்டு, மீதி ஏழையும் பார்சல் கட்டி ஓவியருக்கே அனுப்பினோம். கட்டியவர் அதே ஆள்தான், இந்த முறை எந்தக் கம்பெனி என்று கேட்கவில்லை.